பக்கத்து மனையில் பைலிங்: அதிர்வையும் இறக்கத்தையும் அளப்பது எப்படி

நெருக்கமான தெருவில் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும்போது, பைலிங் வேலையால் பக்கத்துக் கட்டடத்துக்கு இரண்டு வழிகளில் கேடு வரலாம். ஒன்று அதிர்வு, மற்றொன்று அடிமண் இறங்குவது. இரண்டும் ஒரே வேலையில் பிறந்தாலும் குணத்தில் வேறானவை. அதிர்வு உடனே தெரிந்துவிடும். இயந்திரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இறக்கம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும், ஒருமுறை சேர்ந்தது திரும்பாது. வீட்டுக்காரர்கள் பயப்படுவது பெரும்பாலும் அதிர்வுக்கு. வீட்டுக்குக் கேடு செய்வதோ பெரும்பாலும் இறக்கம். கண்காணிப்புத் திட்டம் இரண்டையும் வேலை தொடங்குவதற்கு முன்பிருந்தே அளக்கிறது. எந்த அளவைத் தொட்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கிறது.

பைல்களை இறக்கும் முறைகள் இரண்டு. முன்பே வார்த்த கான்கிரீட் தூணைச் சுத்தியலால் மண்ணுக்குள் அடித்து இறக்குவது ஒன்று. அதிர்வு அதிகம் என்பதால் வீடுகளுக்கு நடுவே இதை யாரும் விரும்புவதில்லை. மண்ணைத் துளைத்து, துளைக்குள் கம்பிக்கூட்டை இறக்கி, டிரெமி குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்புவது மற்றது. துளையின் சுவர் சரியாமல் இருக்க, பெண்டோனைட் என்ற களிமண் குழம்பு அதை நிரப்பி நிற்கும். மேல்மண் மிகத் தளர்வாக இருப்பதால் முதல் சில மீட்டருக்கு மட்டும் இரும்புக் கேசிங் இறக்குவார்கள். இந்தக் கேசிங்கை வைப்ரோ சுத்தியலைக் கவ்வவைத்து இறக்கும்போதுதான் துளையிடும் பைலிங்கிலும் பலமான அதிர்வு எழுகிறது.

இறக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. தளர்வான மணல் குலுங்கும்போது மணிகள் நெருங்கி உட்காரும். அதன் மேல் நிற்கும் அஸ்திவாரமும் கூடவே இறங்கும். அல்லது துளையின் சுவர் உள்ளே சரிந்து, பக்கத்து வீட்டின் அடியில் இருக்க வேண்டிய மண் துளைக்குள் வந்துவிடும். இரண்டாவது காரணத்துக்கு அதிர்வே தேவையில்லை. அதிர்வுமானியை மட்டும் வைத்துவிட்டு, கண்காணிப்பு நடக்கிறது என்று சொல்லும் ஒப்பந்தக்காரர் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுக்க நடத்திப் பார்க்கலாம். சென்னையின் கடலோரப் பகுதி ஒன்றில் அடியில் மணல், மூன்று மீட்டர் ஆழத்தில் தண்ணீர். பக்கத்து மனையில் நிற்பது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய இரண்டு மாடி வீடு. தூண்கள் கிடையாது, சுவர்களே பாரம் தாங்குகின்றன. மேலே தேக்கு உத்தரங்களின் மீது செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அஸ்திவாரம் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழம்தான். புதிய கட்டடத்துக்கு 600 மி.மீ. விட்டமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட பைல்கள் போடப்படுகின்றன. அவற்றில் மிக அருகில் இருப்பது வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, மிகத் தொலைவில் இருப்பது 24 மீட்டர் தள்ளி.

ரிக் உள்ளே வருவதற்கு முன் நடக்க வேண்டியது வீட்டை உள்ளும் புறமும் பார்த்துப் பதிவு செய்வது. ஒவ்வொரு அறையின் சுவரையும் கூரையையும் படமெடுத்து, இருக்கும் விரிசல்களின் நீளத்தையும் அகலத்தையும் குறித்து, வீட்டுக்காரரும் கட்டுபவரும் கையெழுத்திட வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் விரிசலே இல்லாமல் இருக்காது. ஆனால் பக்கத்தில் பைலிங் தொடங்கும்வரை அவற்றை யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். இயந்திரச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு கண்ணில் படும் ஒவ்வொரு விரிசலும் புதிதாகவே தோன்றும். இந்தப் பதிவு இல்லாவிட்டால் பின்னால் எழும் வழக்கில் இரு தரப்பிடமும் ஆதாரம் இருக்காது.

அடுத்தது அளவுப் புள்ளிகள். மனையை ஒட்டிய 12 மீட்டர் நீளப் பக்கச் சுவரின் அடிப்பகுதியில் நான்கு மீட்டருக்கு ஒன்றாக நான்கு உலோகக் குமிழ்கள் பதிக்கப்படுகின்றன. இவற்றை முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டின் மறுபக்கச் சுவரிலும் இரண்டு குமிழ்கள் இருக்கும். நுட்பமான லெவல் கருவியாலும் அளவுக்கோலாலும் இவற்றின் உயரம் அளக்கப்படும். ஒப்பிடுவதற்கான நிலைப்புள்ளி, அதாவது பெஞ்ச்மார்க், எங்கே இருக்கிறது என்பதில்தான் பல திட்டங்கள் கெட்டுப்போகின்றன. மனைக்கு எதிரே உள்ள மின்கம்பத்தின் மேடையையோ மழைநீர் வடிகால் சுவரையோ நிலைப்புள்ளியாகக் கொண்டால், வீடு இறங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கக்கூடும். அளவீடு மட்டும் அசைவே இல்லை என்று காட்டிக்கொண்டிருக்கும். நிலைப்புள்ளி வேலையின் பாதிப்பு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டாவது வேண்டும். அப்போதுதான் ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க முடியும்.

வேலை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே பல முறை அளப்பது அவசியம். கருவியின் பிழையும் வெயிலும் மழையும் சேர்ந்து, அசையாத வீட்டிலும் எண்களை மேலும் கீழும் ஆட்டும். இந்த வீட்டில் அந்த ஆட்டம் இருபுறமும் 0.7 மி.மீ. என்று கொள்வோம். பின்னால் 0.5 மி.மீ. மாற்றம் தெரிந்தால் அதற்குப் பொருளில்லை என்பதை இந்த முன்னளவுதான் சொல்லும். பெரிய விரிசல்களின் குறுக்கே ஒட்டப்படும் பிளாஸ்டிக் விரிசல்மானிகளுக்கும் இது பொருந்தும். மெட்ராஸ் டெரஸ் கூரையை ஒட்டிய விரிசல் நண்பகலில் ஒரு அகலமும் விடியலில் வேறு அகலமும் காட்டும். ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில்தான் அவற்றைப் படிக்க வேண்டும்.

அதிர்வை அளப்பது ஜியோஃபோன் என்ற உணர்கருவி. அது அளப்பது சுவர் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அல்ல, எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்பதை. மூன்று திசைகளிலும் பதிவாகும் உச்ச வேகத்தை விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பார்கள். இந்த எண்கள் தரும் பயத்துக்கும் உண்மையான நகர்வுக்கும் வெகுதூரம். விநாடிக்கு 30 முறை ஆடும் சுவரின் உச்ச வேகம் 3 மி.மீ. என்றால், நடு நிலையிலிருந்து அது விலகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குதான். மனித உடலோ இதைவிடக் குறைந்ததையும் உணரும். பிரிட்டனின் பி.எஸ். 5228 நெறிமுறைப்படி வீட்டுக்குள் விநாடிக்கு 0.3 மி.மீ. அதிர்வே உணரத்தக்கது, 1 மி.மீ. வந்தால் புகார் வரும், முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பூச்சில் விரிசல் விழும் எல்லையாக பி.எஸ். 7385 சொல்வது, மிகக் குறைந்த அதிர்வெண்ணில்கூட விநாடிக்கு 15 மி.மீ. பாத்திரம் கிணுகிணுப்பதைக் கேட்டுச் சுவர் உடையப்போகிறது என்று அஞ்சும் குடும்பத்துக்கு இந்த இடைவெளியைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.

பழைய வீட்டுக்கு 15 மி.மீ. எல்லையை அப்படியே வைக்க முடியாது. ஜெர்மனியின் டின் 4150 தரம், நினைவுச் சின்னங்கள் போன்ற மென்மையான கட்டடங்களின் அஸ்திவாரத்தில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே விநாடிக்கு 3 மி.மீ. வரையும், சாதாரண வீடுகளுக்கு 5 மி.மீ. வரையும் அனுமதிக்கிறது. அதிர்வு தொடர்ந்து நீடித்தால் மென்மையான கட்டடத்தின் மேல்தளத்தில் எல்லை 2.5 மி.மீ. இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்கள் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் பாறை வெடிப்புக்காக வகுத்தவை. வெடிப்பு ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும், வைப்ரோ சுத்தியல் நாள் முழுக்க இயங்கும். ஒன்றுக்கான எல்லையை மற்றதற்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடக் கூடாது.

இறக்கத்துக்கான எல்லை, மொத்த இறக்கத்தைவிட இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சார்ந்தது. வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினால் குடிநீர், கழிவுநீர்க் குழாய் இணைப்புகளைத் தவிர அதிகம் கெடாது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் சுவர் கிழியும். ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் என்ற இருவர் 1956இல் பல கட்டடங்களை ஆராய்ந்து, இரு புள்ளிகளின் இறக்க வேறுபாடு அவற்றுக்கிடையிலான தூரத்தில் 300இல் ஒரு பங்கைத் தொடும்போது சுவரில் விரிசல் தோன்றுகிறது என்றார்கள். பாதுகாப்புக்கு 500இல் ஒரு பங்கை எல்லையாகக் கொள்ளச் சொன்னார்கள். நான்கு மீட்டர் தூரத்துக்கு அது 8 மி.மீ.

இவற்றை வைத்து இந்த வீட்டுக்கு மூன்று படிகள் வகுக்கப்படுகின்றன: எச்சரிக்கை, நடவடிக்கை, நிறுத்தம். அதிர்வுக்கு விநாடிக்கு 1.5, 2.5, 3 மி.மீ. எந்தப் புள்ளியின் மொத்த இறக்கத்துக்கும் 4, 7, 10 மி.மீ. அடுத்தடுத்த புள்ளிகளின் வேறுபாட்டுக்கு 1000இல், 750இல், 500இல் ஒரு பங்கு. இவற்றோடு ஒரு தனி விதியும் உண்டு. எந்தப் புள்ளியாவது ஒரே நாளில் 2 மி.மீ.க்கு மேல் இறங்கினால், மொத்த அளவு எதுவானாலும் அது நடவடிக்கைப் படியாகவே கொள்ளப்படும். முதல் படியை 1 மி.மீ. என்று வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றலாம். ஆனால் அசையாத வீடே 0.7 மி.மீ. ஆட்டம் காட்டும் நிலையில் வாரத்துக்கு நான்கு பொய் எச்சரிக்கைகள் வரும். ஐந்தாவதை யாரும் படிக்க மாட்டார்கள்.

எச்சரிக்கை வந்தால் அளவை மறுபடி எடுத்துச் சரிபார்த்து, அளக்கும் இடைவெளியைக் குறைத்து, எல்லாத் தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும். வேலை தொடரலாம். நடவடிக்கைப் படியில் வேலை செய்யும் முறை மாற வேண்டும். பழைய முறையிலேயே கவனமாகச் செய்வோம் என்ற பதில் ஏற்கத்தக்கதல்ல. நிறுத்தப் படியில் வடிவமைப்புப் பொறியாளர் காரணம் கண்டு எழுத்தில் அனுமதி தரும்வரை வேலை கிடையாது. ரிக்கை நிறுத்தும் அதிகாரம் சைட்டில் யாருக்கு என்பது பதவியோடு திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரிக் ஒரு நாள் சும்மா நின்றாலும் வாடகை ஓடும் என்பதால், பைலிங் ஒப்பந்தக்காரரின் ஆளிடமே அந்த அதிகாரம் இருப்பது சரியல்ல.

வேலை மிகத் தொலைவிலுள்ள பைலில் தொடங்குகிறது. அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. 24 மீட்டர் தூரத்தில் வைப்ரோ இயங்கும்போது வீட்டின் அஸ்திவாரத்தில் விநாடிக்கு 0.6 மி.மீ. பதிவாகிறது. தூரம் பாதியானால் அதிர்வு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தோராயக் கணக்கு. அந்தக் கணக்கில் 3 மீட்டரில் 4.8 மி.மீ. வரும், அது நிறுத்த எல்லைக்கு வெகு மேலே. 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டுமானால் 6 மீட்டருக்கு உள்ளே வைப்ரோ வரக் கூடாது. வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லாத தூரத்தில் எடுத்த ஒரே அளவீடு, அருகிலுள்ள பைல்களுக்கு வேறு முறை வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறது.

8 மீட்டரை நெருங்கும்போது சீரான ஓட்டத்தில் 1.7 மி.மீ. பதிவாகிறது. கணக்கு சொன்ன 1.8ஐ ஒட்டியே வந்த எச்சரிக்கைப் படி அது. ஆனால் இயந்திரத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் சில விநாடிகளுக்கு 2.6 மி.மீ. தெரிகிறது. வைப்ரோ வேகம் எடுக்கும்போது குறைந்த அதிர்வெண்களைக் கடந்துதான் மேலே போகும். அவற்றில் ஒன்று மண்ணின் அல்லது வீட்டின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துவிட்டால் அதிர்வு பெருகும். நாள் முழுவதன் சராசரியை மட்டும் அறிக்கையில் போட்டால் இந்தக் கூர்முனைகள் தெரியாமலே போகும். இங்கே நடவடிக்கைப் படி தொடப்பட்டதால், வைப்ரோவைக் கைவிட்டு, ரிக்கைக் கொண்டே கேசிங்கைத் திருகி இறக்கும் முறைக்கு மாறுகிறார்கள். அதிர்வு 0.4 மி.மீ.க்கு விழுகிறது, வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

இறக்கம் வருவது இதற்குப் பிறகு. மூன்றாம் புள்ளிக்கு நேரே உள்ள பைலைத் துளைத்த மறுநாள் காலை, முந்தைய நாள் 1.4 மி.மீ. இறங்கியிருந்த அந்தப் புள்ளி 4.6 காட்டுகிறது. இரண்டாம் புள்ளி 2.1, நான்காம் புள்ளி 1.8, முதல் புள்ளி 0.6. மொத்த அளவில் இது எச்சரிக்கைதான். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு 2.8 மி.மீ.; அது 1400இல் ஒரு பங்குகூட ஆகாததால் எந்தப் படியையும் தொடவில்லை. ஆனால் ஒரே நாளில் 3.2 மி.மீ. இறங்கியிருப்பதால் தனி விதி உடனே நடவடிக்கைப் படிக்குக் கொண்டுபோகிறது. மொத்த அளவை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த பைலையும் இதே முறையில் துளைத்திருப்பார்கள்.

பக்கத்துப் புள்ளிகள் குறைவாகவும் நடுவில் ஒன்று மட்டும் அதிகமாகவும் இறங்கியிருப்பது, ஒரே துளையைச் சுற்றி மண் போயிருப்பதைக் காட்டுகிறது. மணல் குலுங்கி அமர்ந்திருந்தால் இறக்கம் சுவர் நெடுக இன்னும் பரவலாக இருந்திருக்கும். இதைக் கான்கிரீட் கணக்கு உறுதிசெய்கிறது. 600 மி.மீ. விட்டம், 18 மீட்டர் ஆழம் என்றால் துளையின் கொள்ளளவு 5.1 கன மீட்டர். இந்தத் துளைக்குப் போனது 6.6 கன மீட்டர். கூடுதலாகப் போன ஒன்றரை கன மீட்டர், அங்கிருந்த மண் ஏற்கெனவே சரிந்து வெளியேறிவிட்டதற்குச் சான்று. இரவில் கான்கிரீட் வண்டி தாமதமாகி, துளை திறந்தே கிடந்திருக்கிறது. பெண்டோனைட் மட்டம் தாழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. குழம்பு நிலத்தடி நீர்மட்டத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் மேலே நின்றால்தான் மணலை வெளிப்புறமாகத் தள்ளிப் பிடித்திருக்கும். மட்டம் தாழ்ந்தால் தண்ணீர் மணலோடு உள்ளே பாயும். கண்காணிப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு பைலுக்கும் துளையிட்ட நேரம், குழம்பு மட்டம், கான்கிரீட் அளவு இவை இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இறக்க எண்கள் தனியாக இருந்தால் ஏதோ நடந்தது என்று மட்டுமே சொல்லும்.

மாற்றங்கள் மூன்று. சுவரை ஒட்டிய பைல்களுக்குக் கேசிங் இன்னும் ஆழமாக, தளர்ந்த மணல் முடியும்வரை இறக்கப்படுகிறது. கான்கிரீட் வண்டி வந்து சேரும் நேரம் உறுதியான பிறகே கடைசிக் கட்டத் துளையிடல். எந்தத் துளையும் இரவில் திறந்து கிடக்கக் கூடாது. அடுத்தடுத்த பைல்களைத் தொடர்ச்சியாகத் துளைக்காமல் ஒன்று விட்டு ஒன்றாகப் போடுகிறார்கள். மீதி வேலை முடியும்போது மூன்றாம் புள்ளி 6.3 மி.மீ., நான்காம் புள்ளி 2.4 மி.மீ. வேறுபாடு 3.9 மி.மீ., அதாவது எச்சரிக்கைப் படிக்குச் சற்றே உள்ளே. ஜன்னலுக்கு மேல் முன்பே இருந்த 0.4 மி.மீ. விரிசல் 0.7 ஆகியிருக்கிறது. பர்லண்டும் உடனாளர்களும் 1977இல் வகுத்த பட்டியலில் 1 மி.மீ. வரையிலான விரிசல் மிக லேசானது. வெள்ளையடிக்கும்போது சரிசெய்யத் தக்கது.

நிறுத்தப் படி வந்திருந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு தவறான புரிதல் உண்டு. எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிட்டு ஆட்கள் வெளியேறுவது நிறுத்தம் ஆகாது; பாதி துளைத்த குழி அப்படியே கிடந்தால் அதுவே அடுத்த இறக்கத்துக்கு வழி. குழம்பு மட்டத்தைப் பிடித்துவைத்து, துளையைக் கான்கிரீட்டாலோ மணலாலோ நிரப்பி மூடிய பிறகே ரிக் ஓய வேண்டும். அதிர்வு எல்லை தாண்டினால் வைப்ரோவை அந்த நொடியே நிறுத்தலாம். இரண்டுக்கும் தனித்தனி நிறுத்த முறை திட்டத்தில் இருக்க வேண்டும்.

பொய் எண்களையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். ஜியோஃபோனை அஸ்திவாரத்தோடு இறுகப் பொருத்தாமல் தளர்ந்த டைல்ஸ் மீது வைத்தால், டைல்ஸ் துள்ளுவதே பதிவாகும். பக்கத்தில் குழந்தை குதித்தாலும் கதவு அடித்தாலும் பைலிங்கை மிஞ்சும் எண் வரலாம். ரிக் ஓடாத நேரத்தில் ஒற்றைத் துடிப்பாக வந்திருந்தால் அது வீட்டுக்குள் பிறந்தது. வைப்ரோவின் பதிவு ஒரே அதிர்வெண்ணில் சீராக நீளும். எதிர்ப்பக்கப் பிழை இன்னும் மோசமானது. அதிர்வு எல்லைக்குள் இருப்பதால் மணல் அமராது என்று எண்ணக் கூடாது. லேசி, கூல்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் 1985இல், ஒரே பருமனுள்ள தளர்ந்த மணலில் விநாடிக்கு 2.5 மி.மீ. அளவுள்ள அதிர்விலும் இறக்கம் ஏற்படுவதைக் காட்டினார்கள். சுவரைக் காக்க வகுத்த எல்லைக்கு அடிமண்ணைப் பற்றித் தெரியாது.

பைல் வேலை முடிந்ததும் குமிழ்களைப் பிடுங்கிவிடக் கூடாது. அடித்தளம் தோண்டும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும் அதே புள்ளிகள் தேவைப்படும். அதன் பிறகும் தொடர்ந்து மூன்று வார அளவுகளில் அசைவில்லை என்று தெரிந்தால்தான் கண்காணிப்பை முடிக்கலாம். பக்கத்து மனையில் வேலை தொடங்கப்போவதாகத் தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கையெழுத்திட்ட விரிசல் பதிவின் நகல் ஒன்று. ரிக் வருவதற்கு முன் எடுத்த முதல் அளவீடுகளின் நகல் மற்றொன்று. வேலை தொடங்கிய பிறகு இவ்விரண்டையும் யாராலும் புதிதாகத் தயாரித்துத் தர முடியாது.